'தேவ ஆவியினால் அருளப்பட்டது': கிரேக்கத்தில் அது ஒரே ஒரு சொல்

கேள்வி: 2 தீமோத்தேயு 3:16-ல் "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் "கடவுள் ஊதியது" என்றுதான் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா? அந்தக் கடிதத்தில் அது எந்த அர்த்தத்தில் எழுதப்பட்டது?

உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் வாக்கியத்தின் பாதிதான் கையில் கிடைக்கும். முதலில் கிரேக்க வரியை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"பாஸா கிராஃபே தெயோப்னியூஸ்தொஸ் கய் ஓஃபெலிமொஸ்..."

பாஸா என்றால் ஒவ்வொரு, அல்லது எல்லா. கிராஃபே என்றால் எழுத்து, எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டில் மறைநூலுக்கு வழங்கும் சொல். கய் என்பது நம் 'உம்' விகுதி செய்யும் வேலையைச் செய்கிறது. ஓஃபெலிமொஸ் என்றால் பயனுள்ளது. இவற்றுக்கு நடுவில் நிற்கும் தெயோப்னியூஸ்தொஸ்தான் நீங்கள் கேட்ட சொல். 'தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று மூன்று சொற்களில் தமிழில் நிற்பது, கிரேக்கத்தில் ஒரே ஓர் உரிச்சொல். 'ஆவி' என்ற தனிச் சொல்லும் அங்கே இல்லை, 'அருளுதல்' என்ற வினையும் இல்லை. 'இருக்கிறது' என்ற வினைகூட இல்லை. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரிந்தாலும், வாக்கியத்தைப் பற்றிய பெரிய வாதம் ஒன்று அங்கிருந்துதான் பிறக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தெயோஸ் என்றால் கடவுள். ப்னேயோ என்ற வினைக்கு மூச்சுவிடு, ஊது, காற்று வீசு என்று பொருள். இவை இரண்டும் சேர்ந்து, கடைசியில் 'தொஸ்' என்ற விகுதி ஏறி உருவான கூட்டுச்சொல் இது. ஆவியைக் குறிக்கும் ப்னியூமா என்ற பெயர்ச்சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததுதான். ஆகவே 1871-ல் வெளிவந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஆவி' என்று எழுதியது ஆதாரமில்லாத சேர்க்கை அல்ல. தமிழில் ஆவி என்றால் மூச்சும்தான், உயிரும்தான். கொதிக்கும் பானையிலிருந்து எழுவதும் ஆவிதான். 'தேவ ஆவி' என்பதைத் 'தேவனுடைய மூச்சு' என்று வாசித்தால் கிரேக்கத்துக்கு மிக அருகில் போய்விடுகிறோம். இடைஞ்சல் எங்கே என்றால், இன்று சபையில் கேட்பவர் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பரிசுத்த ஆவியானவரை நினைக்கிறார். சிரியாக் மொழியின் பழைய பெஷித்தா மொழிபெயர்ப்பும் 'ஆவியில் எழுதப்பட்ட எழுத்தெல்லாம்' என்றே விரித்துவிட்டது. இறையியலாக அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வரியில் எழுதியவர் கையாண்ட படம் மூச்சு.

யாருடைய மூச்சு, எந்தத் திசையில் போகும் மூச்சு? நம் இலக்கண உரைகளில் 'புலி கொல் யானை' என்று ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று சொற்றொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தெயோப்னியூஸ்தொஸ் சரியாக அதே வகை. 'கடவுளால் மூச்சாக விடப்பட்டது' என்றும் பிரிக்கலாம், 'கடவுளை மூச்சாக வெளிவிடுவது' என்றும் பிரிக்கலாம். முதலாவது, எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வாசிப்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் க்ரெமர் இரண்டாவது பக்கம் சாய்ந்தார். அவருக்குக் காரணம் இருந்தது. 'அப்னியூஸ்தொஸ்' என்றால் மூச்சு விடாதவர் என்றுதான் பொருள், மூச்சாக விடப்படாதவர் என்று அல்ல. அதே 'ப்னியூஸ்தொஸ்' அங்கே செய்வினையாக நிற்கிறதே என்பது அவர் தரப்பின் வலு. அமெரிக்க அறிஞர் பி. பி. வார்ஃபீல்ட் 1900-ல் ஒரு நீண்ட கட்டுரையில் அதை மறுத்தார்.

என் பார்வையில் வார்ஃபீல்ட் சொன்னதன் மையம் நிற்கிறது. 'தெயோ' என்று தொடங்கி 'தொஸ்' என்று முடியும் கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் கடவுளைச் செய்பவராக வைத்தே பேசுகின்றன. தெயோபெம்ப்தொஸ் என்றால் கடவுளால் அனுப்பப்பட்டது. பவுலே 1 தெசலோனிக்கேயர் 4:9-ல் தெயோதிதாக்தொஸ் என்ற சொல்லை எழுதுகிறார். தமிழில் அது 'தேவனால் போதிக்கப்பட்டவர்கள்' என்று சரியாகவே வந்திருக்கிறது. அதை யாரும் 'கடவுளைப் போதிப்பவர்கள்' என்று பெயர்த்ததில்லை. உச்சரிப்பு அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை வைத்து இதைத் தீர்க்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். முடியாது, இத்தகைய கூட்டுச்சொற்களில் இரண்டு பொருளுக்கும் அழுத்தம் ஒரே இடத்தில்தான் விழும்.

அதே நேரத்தில், சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பொருள் முழுவதும் கிடைத்துவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. நாற்காலி என்பது காரணப்பெயர்தான். ஆனால் நான்கு கால் உள்ள எல்லாமே நாற்காலி ஆகிவிடாது. பசுவை யாரும் நாற்காலி என்று சொல்வதில்லை. ஒரு சொல் மக்கள் வாயில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க வேண்டும். தெயோப்னியூஸ்தொஸ் விஷயத்தில் அதற்குச் சான்று குறைவு. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டும்தான் வருகிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ஒரு தடவைகூட இல்லை. வெளியே சில இடங்களில் கிடைக்கிறது. சிபிலின் வாக்குகள் என்ற கிரேக்கச் செய்யுள் தொகுப்பின் ஐந்தாம் நூலில், கிமே என்ற ஊரின் நீரோடைகளுக்கு அந்த அடைமொழி வருகிறது. அதே நூலில் பின்னால், கடவுள் 'தெயோப்னியூஸ்தொஸ் ஆன அனைத்துக்கும்' தந்தை என்று ஒரு வரி. அங்கே கடவுளிடமிருந்து மூச்சு பெற்ற உயிர்களைக் குறிப்பதாகத் தெரிகிறது. ஆபிரகாமின் சாசனம் என்ற நூலில் தூதர்கள் அவருடைய உடலில் பூசும் நறுமணத் தைலத்துக்கு இதே சொல். கனவுகளைப் பற்றிய ஒரு கிரேக்கக் குறிப்பில், சில கனவுகள் தெயோப்னியூஸ்தொஸ் என்று வருகிறது. அதன் சில பிரதிகளில் 'கடவுளால் அனுப்பப்பட்டவை' என்ற சொல் அதற்குப் பதிலாக நிற்கிறது. படியெடுத்தவர்கள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே எண்ணியிருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இந்த ஓடைகளையும் தைலத்தையும் வைத்து, சொல்லுக்கு 'உயிர் தரும்' என்பதே பொருள் என்று அண்மையில் வாதிட்டவர்கள் உண்டு. ஆதியாகமம் 2:7-ல் கடவுள் மண்ணில் ஊதியதும் மனிதன் உயிர் பெற்றான் என்பதோடு அது அழகாகப் பொருந்துகிறது. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கக் கூடாது. முந்தைய வசனமே மறைநூல்கள் தீமோத்தேயுவை 'இரட்சிப்புக்கேற்ற ஞானமுள்ளவனாக்க' வல்லவை என்று அவற்றின் செயலைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் கடவுளிடமிருந்து மூச்சு வந்ததால்தான் அது உயிர் தருகிறது; மூலத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொள்ள இந்தச் சொல்லில் இடமில்லை என்றே நினைக்கிறேன்.

எழுத்தோடு மூச்சைச் சேர்க்கும்போது யூத வாசகருக்கு இன்னொன்றும் காதில் விழும்: பேச்சு. "கர்த்தருடைய வார்த்தையினால் வானங்களும், அவருடைய வாயின் சுவாசத்தினால் அவைகளின் சர்வசேனையும் உண்டாக்கப்பட்டது" என்று சங்கீதம் 33:6 சொல்கிறது. முதல் அடியின் வார்த்தைதான் இரண்டாம் அடியில் வாயின் சுவாசம். மூச்சு இல்லாமல் பேச்சு இல்லை. எனவே 'தேவசுவாசமான எழுத்து' என்றால், தாளில் இருப்பதைக் கடவுள் வாயிலிருந்து வந்த பேச்சாகவே எடுத்துக்கொள் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இங்கேதான் லத்தீன் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. வுல்காத்தா மொழிபெயர்ப்பு இதை 'திவினிதுஸ் இன்ஸ்பிராத்தா' என்றது. 'இன்' என்றால் உள்ளே. உள்ளே ஊதப்பட்டது என்ற படம் வந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் ஒரு மனித எழுத்துக்குள், அல்லது எழுத்தாளரின் மனத்துக்குள், கடவுள் எதையோ ஊதினார் என்று மேற்கில் புரிந்துகொள்ள இது வழி திறந்தது. கிரேக்கச் சொல்லில் 'உள்ளே' என்பதற்கான முன்னொட்டு எதுவும் இல்லை. 1995-ல் வந்த திருவிவிலியம் 'கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது' என்று எழுதியபோது இந்த லத்தீன் வழிவந்த கருத்தையே நல்ல தமிழில் சொல்லியிருக்கிறது. ஆனால் தூண்டுதல் பெறுபவர் மனிதர். நூல் தூண்டுதல் பெறுவதில்லை. இந்த வசனத்தில் தெயோப்னியூஸ்தொஸ் என்ற அடைமொழி நூலுக்குத்தான், எழுதியவருக்கு அல்ல.

பலரும் வழுக்குகிற இடம் இது. எழுதியவர்களைப் பற்றிய வசனம் வேறு. 2 பேதுரு 1:21-ல் 'பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்' என்று வருவது அது. அங்கே கிரேக்கச் சொல் ஃபெரொமெனொய். காற்று தள்ளிக்கொண்டு போகும் கப்பலைப் போலச் சுமந்து செல்லப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'கடவுள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள்' என்ற முறையை 2 தீமோத்தேயுவிலிருந்து எடுப்பவர்கள் உண்டு. தெயோப்னியூஸ்தொஸ் என்ற சொல் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எழுத்தருக்குச் சொந்த நடை இருந்ததா, பிரதியெடுக்கும்போது பிழை வருமா என்ற கேள்விகளுக்கு இந்தச் சொல் தனியாக விடை தராது. அவற்றை வேறு இடங்களை வைத்துத்தான் வாதிட வேண்டும்.

இப்போது இல்லாத 'இருக்கிறது' என்ற வினைக்கு வருகிறேன். கிரேக்கத்தில் 'இருக்கிறது' இல்லாமலே வாக்கியம் முடியும். நமக்கு இது புதிதல்ல. 'கண்ணன் நல்லவன்' என்று பெயரையே பயனிலையாக வைத்து முடிப்போம். ஆனால் தமிழில் ஒரு வசதி உண்டு: அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். 'நல்ல கண்ணன்' என்றால் அடைமொழி, 'கண்ணன் நல்லவன்' என்றால் பயனிலை, குழப்பம் வராது. கிரேக்கத்தில் உரிச்சொல் பெயருக்குப் பின்னால் நின்றாலும் அடைமொழியாக இருக்கலாம். ஆகவே 'பாஸா கிராஃபே தெயோப்னியூஸ்தொஸ் கய் ஓஃபெலிமொஸ்' என்பதை இரண்டு விதமாக முடிக்கலாம்:

'எல்லா மறைநூலும் தேவசுவாசமானது, பயனுள்ளதும்கூட.'

'தேவசுவாசமான மறைநூல் எதுவும் பயனுள்ளதும்கூட.'

இரண்டாவது வாசிப்பில், தேவசுவாசமல்லாத மறைநூலும் இருக்கலாமோ என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. வுல்காத்தா இரண்டாவது வழியில் போனது. அதன் மூல வாசகத்தில் 'கய்' விடுபட்டிருக்கிறது, அதனால் அதற்கு வேறு வழியும் இல்லை. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் டின்டேல் அப்படியே எழுதினார். 1611-ன் கிங் ஜேம்ஸ் முதல் வழிக்கு வந்தது. 1881-ல் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு மறுபடி இரண்டாவதற்குத் திரும்பியது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம்; கிரேக்கத்தின் இரட்டைத்தன்மையை அப்படியே வைக்கத் தமிழ்ச் சொல்வரிசை இடம்கொடுக்காது. பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் முதல் வழியைத் தேர்ந்தன.

அது சரியான தேர்வா என்று சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவது வாசிப்பின் பக்கம் வலுவான சான்று இதே வசனத்தொடரிலேயே இருக்கிறது. 17-ஆம் வசனத்தின் முடிவில் 'பான் எர்கொன் அகதொன்' என்று வருகிறது: பாஸாவின் இன்னொரு வடிவமான பான், பெயர், உரிச்சொல் என்று அதே வரிசை. அங்கே 'எந்த நற்கிரியையும்' என்று அடைமொழியாகத்தான் எல்லோரும் பெயர்க்கிறார்கள். 'எல்லாக் கிரியையும் நல்லது' என்று யாரும் பெயர்ப்பதில்லை. அப்படியிருக்க 16-ல் மட்டும் ஏன் பயனிலை? காரணம், 17-ல் அந்தச் சொற்றொடர் ஒரு முன்னிடைச்சொல்லுக்குக் கீழே, வாக்கியத்தின் ஓர் உறுப்பாக மட்டும் நிற்கிறது. அதற்குப் பயனிலை தேவையே இல்லை. 16-ல் அது முழு வாக்கியம். இரண்டு உரிச்சொற்கள் 'கய்' கொண்டு இணைந்து நிற்கின்றன.

அதே அமைப்புள்ள வாக்கியம் ஒன்று வேண்டும் என்றால் 1 தீமோத்தேயு 4:4 இருக்கிறது: 'பான் க்திஸ்மா தெயோவு கலொன் கய் ஊதென் அபொப்ளேதொன்.' பான், பெயர், உரிச்சொல், 'கய்', மறுபடி ஒரு கூற்று, வினை இல்லை. தமிழில் "தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது; ... ஒன்றும் தள்ளப்படத்தக்கதல்ல" என்று வருகிறது. இரண்டாவது முறையை இங்கே போட்டுப் பாருங்கள்: 'தேவன் படைத்த நல்லது எல்லாம் தள்ளப்படத்தக்கதுமல்ல.' உடனே தவறு தெரிகிறது. சில உணவுகளை விலக்கச் சொன்னவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட வாக்கியம் அது, 'நல்ல படைப்புகள்' மட்டும் என்று சுருக்கினால் எதிராளி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார், வாதமே கரைந்துவிடும். அதே எழுத்து மரபில், அதே அச்சில் வார்த்த வாக்கியம் என்பதால் 3:16-ஐயும் பயனிலையாக வாசிப்பதே பொருத்தம். இரண்டாவது வாசிப்பை ஏற்பவர்களுக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: புதிய ஏற்பாட்டில் ஐம்பது தடவை அளவில் வரும் கிராஃபே என்ற சொல் ஓரிடத்திலும் ஏதோ ஒரு சாதாரண எழுத்தைக் குறிப்பதில்லை. 'தேவசுவாசமான மறைநூல்' என்றாலும், 'தேவசுவாசமல்லாத மறைநூல்' என்று இன்னொரு குவியல் உண்டு என்றாகாது.

பாஸா பற்றிச் சுருக்கமாக. பெயருக்கு முன் 'அந்த' போன்ற சுட்டு இல்லாதபோது பாஸா பொதுவாக 'ஒவ்வொரு' என்று பொருள்படும். அதாவது மறைநூலின் ஒவ்வொரு பகுதியும். ஆனால் சிறப்புப்பெயர் போல வழங்கும் சொற்களோடு 'முழு' என்றும் வரும். ரோமர் 11:26-ல் 'பாஸ் இஸ்ராயேல்' என்றால் முழு இஸ்ரயேல். இரண்டில் எதை எடுத்தாலும் கடைசியில் பரப்பு ஒன்றுதான். நம் பழைய மொழிபெயர்ப்பின் 'வேதவாக்கியங்களெல்லாம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய கேள்வி: இந்தக் கடிதத்தில் 'கிராஃபே' எந்த நூல்களைக் குறிக்கிறது? இதற்கு விடை முந்தைய வசனத்தில் இருக்கிறது. தீமோத்தேயு 'அபொ ப்ரெஃபூஸ்', கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே, 'ஹியெரா கிரம்மதா'வை அறிந்தவன். ஹியெரா கிரம்மதா என்றால் புனித எழுத்துகள். முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளர்களான ஃபிலோவும் ஜொசிஃபஸும் யூத மறைநூல்களுக்குப் பயன்படுத்தும் பெயர் அது. கிரம்மதா என்பதற்கு நெடுங்கணக்கின் எழுத்துகள் என்றும் பொருள் உண்டு. எழுத்துக் கற்ற வயதிலேயே எழுத்தோடு வேதமும் கற்றவன் என்ற சாயல் அதில் தெரிகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதைக் கடிதத்தின் தொடக்கம் (1:5) காட்டுகிறது: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அப்போஸ்தலர் 16:1-ன்படி தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர். லீஸ்திரா ஊரின் கிரேக்கம் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதால், அவன் கேட்டது பெரும்பாலும் செப்துவஜிந்து வாசகமாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியானால், இந்த வாக்கியம் எழுதப்பட்ட நாளில் 'எல்லா மறைநூலும்' என்றது நாம் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்களை. அவன் குழந்தையாக இருந்தபோது ஒரு சுவிசேஷமும் எழுதப்பட்டிருக்கவில்லை. 66 புத்தகங்களையோ 73 புத்தகங்களையோ ஒரே அட்டையில் கட்டி, அந்தக் கட்டைப் பார்த்து எழுதப்பட்டதாக இந்த வரியை வாசித்தால் காலம் தலைகீழாகிறது. புதிய ஏற்பாட்டுக்கும் இதைப் பொருத்துவது பிந்தைய படி. அதற்குச் சாரமில்லை என்று சொல்லமாட்டேன்: 1 தீமோத்தேயு 5:18, 'கிராஃபே சொல்கிறது' என்று தொடங்கி உபாகமத்தின் மாட்டைப் பற்றிய கட்டளையையும், 'வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன்' என்ற, லூக்கா 10:7-ல் இயேசுவின் வாயில் வரும் வாக்கையும் அடுத்தடுத்து வைக்கிறது. 2 பேதுரு 3:16 பவுலின் நிருபங்களை 'மற்ற வேதவாக்கியங்களோடு' சேர்த்துப் பேசுகிறது. ஆனால் அந்த இணைப்பை அந்த வசனங்களிலிருந்து கட்ட வேண்டும். 3:16-ல் அது முன்பே இருப்பதாகக் காட்டக் கூடாது.

கடிதத்தின் சூழல் தெரியாமல் இந்த வாக்கியத்தின் எடை தெரியாது. எழுதுபவர் ரோமாபுரியில் விலங்கோடு இருக்கிறார் (1:16, 17). 'பானபலியாக வார்க்கப்பட்டுப்போகிறேன்' என்று 4:6 சொல்கிறது, சாவு அருகில். இது பவுலே 60-களில் எழுதியதா, அவர் பெயரில் அவர் மாணவர் வட்டத்தில் பின்னால் எழுதப்பட்டதா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். பல்கலைக்கழக வட்டாரத்தில் இரண்டாவது கருத்துக்கே ஆள் அதிகம். எப்படி இருந்தாலும் கடிதம் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: ஆசிரியர் போய்விட்டால் இளைய போதகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? எதிரே நிற்பவர்கள் யார் என்பதையும் கடிதம் சொல்கிறது. இமெநேயுவும் பிலேத்துவும் உயிர்த்தெழுதல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று போதிக்கிறார்கள் (2:17, 18). சொற்களைப் பற்றிய சண்டை நடக்கிறது. அது 'ஒன்றுக்கும் பிரயோஜனமில்லாதது' என்று 2:14 சாடுகிறது.

இந்த 'பிரயோஜனம்' என்ற நூலைப் பிடித்துக்கொண்டு போனால் 3:16-ன் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியும். ஓஃபெலிமொஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் நான்கே தடவை வருகிறது. நான்கும் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட கடிதங்களில். 1 தீமோத்தேயு 4:8-ல் சரீர முயற்சிக்கு அற்பப் பிரயோஜனம், தேவபக்திக்கு எல்லாவற்றிலும் பிரயோஜனம். தீத்து 3:8, 9-ல் நற்கிரியைகள் பயனுள்ளவை, வம்சவரலாற்று வாதங்கள் பயனற்றவை. பயனற்ற பேச்சுக்கு எதிராகப் பயனுள்ள எழுத்து என்பதே இந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் எதிர்நிலை. மறைநூல் கடவுளிடமிருந்து வந்தது என்பதை தீமோத்தேயுவும் அறிவான், எதிராளிகளும் மறுத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சொல் விளக்கமோ வாதமோ இல்லாமல் ஒரே உரிச்சொல்லாக வந்து போகிறது. வாக்கியம் விரிவது 'பயனுள்ளது' என்ற சொல்லுக்குப் பிறகுதான்: எதற்குப் பயன் என்று, நம் 'க்கு' உருபின் வேலையைச் செய்யும் 'ப்ரொஸ்' என்ற சொல்லை நான்கு தடவை சொல்லி அடுக்குகிறார்.

முதலாவது திதஸ்காலியா, உபதேசம். இரண்டாவது எலெக்மொஸ், 'கடிந்துகொள்ளுதல்' என்பதைவிடக் கூர்மையானது, தவறைத் தவறு என்று வெளிச்சத்தில் காட்டுவது. மூன்றாவது எபனொர்தோஸிஸ். 'ஒர்தொஸ்' என்றால் நேரானது, நிமிர்ந்தது. சாய்ந்ததை மறுபடி நிமிர்த்தி நிறுத்துவது. புதிய ஏற்பாட்டில் இங்கு மட்டுமே வரும் சொல். எலெக்மொஸோடு நிறுத்திவிடும் போதகர்களுக்கு இந்த மூன்றாவது சொல் அவசியம். யாருடைய தவறைக் காட்டினோமோ அவனையே நிமிர்த்தவும் அதே நூல் வேண்டும். நான்காவது பைதேயா, 'பைஸ்', அதாவது பிள்ளை, என்ற சொல்லிலிருந்து வந்தது. பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பயிற்சி, கண்டிப்பும் உட்பட. 2:25-ல் எதிராளிகளைச் சாந்தமாய்த் திருத்த வேண்டும் என்று சொல்லும்போதும் இதே வேர்ச்சொல்தான். ஆக, முதல் இரண்டும் போதனையைப் பற்றியவை என்றால் பின் இரண்டும் நடத்தையைப் பற்றியவை.

இந்தப் பயன் யாரைக் குறிவைக்கிறது? 'தேவனுடைய மனுஷன்' என்பது எல்லா விசுவாசிக்கும் பொதுவான பட்டம் போலத் தோன்றலாம். ஆனால் பழைய ஏற்பாட்டில் மோசேக்கும் எலியாவுக்கும் எலிசாவுக்கும் வழங்கிய பெயர் அது. 1 தீமோத்தேயு 6:11-ல் தீமோத்தேயுவையே அப்படி அழைக்கிறார். முதலில் போதகன்தான் குறி. அவன் 'அர்தியொஸ்' ஆக வேண்டும். கணக்கில் இரட்டைப்படை எண்ணுக்கும் கிரேக்கர் இதே சொல்லைச் சொல்வார்கள். மிச்சம் விழாமல் பொருந்துவது. தொடர்ந்து அதே வேரிலிருந்து 'எக்ஸேர்திஸ்மெனொஸ்': வேலைக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஏற்றித் தயாராக்கப்பட்டவன். இந்த ஒலிப்பொருத்தம் தமிழில் 'தேறினவன்', 'தகுதியுள்ளவன்' என்று போனபோது மறைந்துவிட்டது.

தமிழில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கிரேக்கத்தில் பயன்களின் அடுக்கு 16-ல், நோக்கம் 17-ல். நம் சொல்வரிசையில் நோக்கம் முன்னால் வர வேண்டியதால், பழைய மொழிபெயர்ப்பில் 'அருளப்பட்டிருக்கிறது' என்பதோடு 16 முடிந்து, பயன்கள் 17-க்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சாளர் போட்டவை. கடிதத்தில் அவை கிடையாது. ஆனால் அந்த வெட்டினால், தமிழில் 3:16-ஐ மனப்பாடம் செய்பவர் 'தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்பதோடு நின்றுவிடுகிறார். 'பயனுள்ளது' என்ற சொல்லே காதில் விழுவதில்லை. கிரேக்கத்தில் அதே மூச்சில் 'கய்' போட்டு இணைத்த சொல் அது. அடுத்த அதிகாரத்தில் (4:2) 'வசனத்தைப் பிரசங்கம்பண்ணு, கண்டனம்பண்ணு' என்று வரும்போது, எலெக்மொஸின் வினைவடிவமே மறுபடி வருகிறது. 3:16 அந்தக் கட்டளைக்கான முன்னேற்பாடு என்பதை அதிகாரப் பிரிவும் மறைத்துவிடுகிறது. 3:10 முதல் 4:5 வரை நிறுத்தாமல் வாசித்தால் இது தெரியும்.

கிரேக்க வரிசையைக் கூடியவரை காத்து, மேலே சொன்ன தேர்வுகளை வைத்து 14 முதல் 17 வரை நான் இப்படிப் பெயர்ப்பேன்:

'நீயோ, கற்று உறுதிகொண்டவற்றில் நிலைத்திரு. யாரிடம் கற்றாய் என்று உனக்குத் தெரியும்; கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே புனித எழுத்துகளை அறிந்திருக்கிறாய் என்பதும் தெரியும். கிறிஸ்து இயேசுவில் கொள்ளும் நம்பிக்கையின் வழியாக மீட்புக்கான ஞானத்தை உனக்குத் தர வல்லவை அவை. மறைநூல் ஒவ்வொன்றும் கடவுளின் மூச்சிலிருந்து வந்தது, பயனும் உள்ளது: போதிக்க, தவறை வெளிக்காட்ட, சாய்ந்ததை நிமிர்த்த, நீதியில் வளர்த்தெடுக்க. இப்படித்தான் கடவுளின் மனிதன் குறைவின்றிப் பொருந்தியவனாக, நற்செயல் ஒவ்வொன்றுக்கும் வேண்டியதெல்லாம் பொருத்தப்பட்டவனாக ஆவான்.'